பி.ஓ.இ. ஆயிலை ‘மின்காப்பு உயவெண்ணெய்’ எனலாமா?

கண்ணன்:
கார் ஏசி கம்ப்ரசர் தேயாமல் ஓட ஊற்றும் ஆயிலில் இரண்டு வகை: பாலி ஆல்கைலீன் கிளைக்கால் எனும் பி.ஏ.ஜி., பாலியால் எஸ்டர் எனும் பி.ஓ.இ. பயிற்சிக் கையேட்டுக்காக பி.ஏ.ஜி. ஆயிலை ‘கிளைக்கால் உயவெண்ணெய்’ என்றும், பி.ஓ.இ. ஆயிலை ‘எஸ்டர் உயவெண்ணெய்’ என்றும் எழுதியிருக்கிறேன். சரியா?

இளங்கோ:
கிளைக்கால் என்றால் மரக்கிளையா, காலா என்று கேட்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கெட்டித்தன்மைதானே? 46, 100, 150 என்றுதான் டப்பாவில் இருக்கும். ‘மெல்லெண்ணெய்’, ‘கெட்டியெண்ணெய்’ போதும்.

தாமரை:
அந்த எண்கள் கெட்டித்தன்மையைத்தான் சொல்கின்றன, அதுவரை சரி. ஆனால் கெட்டித்தன்மை ஒன்றாக இருந்தாலும் பி.ஏ.ஜி.யும் பி.ஓ.இ.யும் ஒன்றல்ல. பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசருக்குள் மோட்டார் கிடையாது, அங்கே பி.ஏ.ஜி. போதும். டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான 2004 பிரியஸில் மோட்டாரே கம்ப்ரசருக்குள் இருக்கிறது. 200 வோல்ட் பாயும் அதன் செப்புச் சுருளை கேஸும் ஆயிலும் நனைத்தபடியே போகும். பி.ஓ.இ. மின்சாரத்தைத் தடுக்கும், பி.ஏ.ஜி. ஓரளவு கடத்திவிடும்.

தவறு நடப்பது பெரும்பாலும் டப்பாவில் அல்ல, ஹோஸில். பெல்ட் கார்களுக்குப் பயன்படுத்திய கேஸ் நிரப்பும் மெஷினை அப்படியே ஹைப்ரிடுக்கு மாட்டினால், ஹோஸில் தங்கிய பி.ஏ.ஜி. உள்ளே போய்விடும். நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே மின்காப்பு சரியும். ஸ்கேனரில் மின்காப்புக் கோளாறைக் குறிக்கும் P0AA6 வரும், துணை எண் 611 என்றால் ஏசி பக்கம் மின்கசிவு. ஆயில் எல்லாக் குழாயிலும் பரவியிருப்பதால் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் தீராது. அதனால்தான் ‘மின்காப்பு உயவெண்ணெய்’ என்கிறேன்.

முருகேசன்:
என் பெட்ரோல் காரில் கண்டென்சர் மாற்றி பி.ஓ.இ. ஊற்றிவிட்டார்கள். கம்ப்ரசர் போய்விடுமா? எவ்வளவு ஊற்ற வேண்டும்?

தாமரை:
கேள்வி வேறு, ஆனாலும் சொல்கிறேன். ஏசியில் குளிர்ச்சி தரும் ஆர் 134ஏ கேஸோடு பி.ஓ.இ. கலக்கும், கம்ப்ரசர் உடனே இறுகிவிடாது. ஆனால் ஈரம் இருந்தால் பி.ஓ.இ. சிதைந்து அமிலமாகும், அது உள்ளே உலோகத்தை அரிக்கும். பி.ஏ.ஜி.யும் ஈரத்தை இழுக்கும், ஆனால் அப்படிச் சிதையாது. எனவே வாக்குவம் போட்டு ஈரத்தை எடுத்தார்களா என்று கேளுங்கள். கண்டென்சர் மாற்றினால் 30 முதல் 40 மில்லி சேர்ப்பது வழக்கம். உங்கள் கார் கையேட்டில் உள்ள அளவே இறுதி.

இளங்கோ:
சரி, கெட்டித்தன்மையை விட்டுவிட்டேன். ஆனால் டிரான்ஸ்பார்மர் ஆயிலையும் மின்காப்பு எண்ணெய் என்றுதானே சொல்கிறோம்? யாராவது அதை வாங்கி ஊற்றினால்?

கண்ணன்:
‘எஸ்டர்’ என்று மட்டும் போட்டால் ஃப்ரிட்ஜ் பி.ஓ.இ.யை வாங்குவார்கள். அதையும் ஹைப்ரிடுக்கு ஊற்றக் கூடாது, பிரியஸுக்கு என்.டி. 11 என்ற பி.ஓ.இ. ஆயில்தான்.

தாமரை:
அப்படியானால் ‘மின்கம்ப்ரசர் எஸ்டர் எண்ணெய்’? நீளம்தான். உயவை விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இளங்கோ:
எந்தப் பெயரானாலும் பக்கத்தில் பி.ஓ.இ. என்று அச்சிடுங்கள். கடைக்காரர் அதைத்தான் படிப்பார்.