தெய்வத்தின் பெயரால் வரும் ஆட்பெயருக்கு என்ன கலைச்சொல்?

செந்தில்:
வணக்கம். ஆட்பெயர் அகராதி ஒன்றுக்குக் குறிச்சொற்கள் தேடுகிறேன். முதலில் 'சமஸ்கிருதம்', 'பழந்தமிழ்', 'கடவுள்' என்று மூன்று பெட்டி வைத்தேன். முருகேசனிலேயே இடித்தது. முருகன் தமிழ், ஈசன் வடமொழி, இரண்டும் கடவுள். ஆகவே மொழியைத் தனியாகவும் தெய்வத்தைத் தனியாகவும் பதியப் போகிறேன். தெய்வத்தின் பெயர் அடங்கிய ஆட்பெயரை ஆங்கிலத்தில் தியோஃபோரிக் என்பார்கள். தமிழில் 'இறைதாங்கிப் பெயர்' எனலாமா?

குமரவேல்:
புதிதாக எதற்கு? ஆகுபெயர் இருக்கிறதே. கடவுளின் பெயர் பிள்ளைக்கு ஆகி வருகிறது, அவ்வளவுதான். இறைதாங்கி என்றால் எனக்குச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்தான் நினைவுக்கு வருகிறது.

வசந்தா:
ஆகுபெயர் பொருந்தாது குமரவேல். 'ஊர் சிரித்தது' என்றால் அந்த வாக்கியத்தில் மட்டும் ஊர் என்பது மக்களைக் குறிக்கிறது. பிள்ளைக்கு முருகன் என்று வைத்துவிட்டால் அது அவனுக்கே உரிய இயற்பெயர்.

'தாங்கி'யில் எனக்கு வேறு தயக்கம். யோவான் என்ற எபிரேயப் பெயரின் பொருள் 'கடவுள் அருளினார்'. அங்கே கடவுள் பெயரின் ஒரு பகுதிதான். நம்மிடம் முருகன், மீனாட்சி, நாராயணன் என்று தெய்வத்தின் பெயரே முழுதாகப் பிள்ளைக்கு வந்துவிடுகிறது. பெரியாழ்வார் ஒரு பதிகம் முழுக்க இதைத்தான் பாடுகிறார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுக் கண்ட பேரை இடாதீர்கள், 'நாயகன் நாரணன் தம் அன்னை நரகம் புகாள்' என்கிறார். பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் பெருமாளைக் கூப்பிட்டதாகிறது. இங்கே தாங்குவதற்கு மிச்சமாக ஒன்றும் இல்லை. 'தெய்வவழிப் பெயர்' என்றால் இரண்டு வகையும் அடங்கும்.

ரங்கராஜன்:
எங்கள் தாத்தா பெயர் உப்பிலி. திருநாகேஸ்வரம் பக்கத்துப் பெருமாளுக்கு உப்பில்லாமல்தான் தளிகை, அதனால் வந்த பெயர். அகராதியில் 'உப்பு' என்பதன் கீழ் போட்டுவிடுங்கள் தம்பி.

வசந்தா:
ரங்கராஜன் ஐயா, செந்தில் கேட்டது வேறு. ஆனாலும் இது நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் தலத்தைப் பாடும்போது நம்மாழ்வார் 'தன் ஒப்பார் இல் அப்பன்' என்கிறார். தனக்கு ஒப்பானவர் இல்லாதவன் ஒப்பிலி. பேச்சில் அது உப்பிலி ஆனதும் உப்பில்லாத தளிகையின் கதை அதோடு சேர்ந்துகொண்டது. பெயருக்குப் பழைய சான்று கிடைத்து, அதில் கதையின் சாயலே இல்லையென்றால் கதை பின்னால் வந்தது என்று எண்ண இடமுண்டு. ஆகவே வேர் 'ஒப்பு'. ஆனால் உங்கள் தாத்தாவுக்குப் பெயர் வைத்தவர்கள் மனத்தில் உப்பிலிதான் இருந்திருக்கும். அதையும் 'வழங்கும் விளக்கம்' என்று பக்கத்தில் எழுத வேண்டும்.

பாத்திமா:
எங்கள் பெயர்களையும் பாருங்கள். அப்துல்லா என்றால் அல்லாஹ்வின் அடிமை. அல்லாஹ் என்று மட்டும் யாரும் பிள்ளைக்குப் பெயர் வைக்க மாட்டோம். ஆக எங்களுக்கு 'தாங்கி'யே சரியாக வருகிறது. 'தெய்வம்' என்பதைவிட 'இறை' எங்கள் வழக்குக்கு நெருக்கம்.

குமரவேல்:
இறை என்றால் அரசன், வரி என்றும் பொருள் உண்டு. தெய்வம் என்று வைத்தால் வடசொல் என்பார்கள்.

வசந்தா:
சொல்லட்டும். தொல்காப்பியம் கருப்பொருளை அடுக்கும்போது 'தெய்வம் உணாவே' என்றுதான் தொடங்குகிறது. ஆனால் பாத்திமா சொல்வதை நான் தள்ள மாட்டேன். இறைவழிப் பெயர் என்றாலும் யாரும் வரியை நினைக்கப் போவதில்லை.

செந்தில்:
சரி, குப்புசாமி? 'சாமி' இருக்கிறதே, இதுவும் இறைவழியா?

வசந்தா:
இல்லை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, அப்படிப் பெயர் வைப்பார்கள். 'சாமி'யை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ராமசாமியில் ராமன் நிற்கிறார். பழனிச்சாமியில் தெய்வத்தின் பெயர் இல்லாவிட்டாலும் பழனி என்றதும் முருகன்தான். குப்புவில் யாரும் இல்லை.

குமரவேல்:
அப்போ சின்னச்சாமி?

வசந்தா:
குடும்பத்தைக் கேட்காமல் சொல்ல முடியாது. இளைய மகன் என்பதற்காகவும் வைப்பார்கள், குலதெய்வம் ஒன்றின் பெயராகவும் இருக்கலாம்.

செந்தில்:
இப்போதைக்கு 'இறைவழிப் பெயர்' முதன்மைச் சொல், 'தெய்வவழிப் பெயர்' மாற்றுச் சொல் என்று பதிகிறேன். முருகன் போன்றதையும் அப்துல்லா போன்றதையும் பிரிக்க உட்சொற்கள் வேண்டும், முன்மொழியுங்கள். சின்னச்சாமிக்குக் கேள்விக்குறி.

குமரவேல்:
கண்ணனை மொழிப் பெட்டியில் எங்கே போட்டீர்கள்? கண் + அன், சுத்தத் தமிழ்தானே?

வசந்தா:
கிருஷ்ணன் பிராகிருதத்தில் 'கண்ஹ' என்று ஆனது. கண்ணன் அதிலிருந்து வந்தது என்பதே ஆய்வாளர்கள் பரவலாக ஏற்பது. ஆனால் சங்கப் புலவர் பெயர்களில் வரும் கண்ணன் எல்லாம் அந்தக் கண்ணன்தானா என்பது வேறு வழக்கு.

செந்தில்:
பிராகிருதத்துக்கு நான் பெட்டியே வைக்கவில்லை அம்மா. சேர்க்கிறேன்.