சங்கக் கணக்கில் அந்த 12,500 ரூபாய்

வேலந்தாவளம் ராசு: "பாஸ்புக்கில் 12,500 ரூபாய் அதிகமாகத்தான் இருக்கிறது. குறைந்தால்தானே திருட்டு? துபாயில் இருந்துகொண்டு சம்பளமில்லாமல் கணக்கு எழுதும் பொருளாளரைத் தனியாக ஒருவர் சோதிக்க வேண்டுமா?" இது நம் செயலாளர் வாட்ஸப் குழுவில் போட்டது. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

பழைய காசாளர்: அதிகமிருந்தாலும் தப்பு தப்புதான், ராசு. மார்ச் 31 அன்று பாஸ்புக்கில் 61,300, ரொக்கப் புத்தகத்தில் வங்கி இருப்பு 48,800. பந்தல்காரருக்கு மார்ச் 27ல் கொடுத்த 9,000 ரூபாய் செக்கை அவர் ஏப்ரல் 6ல்தான் வங்கியில் போட்டிருக்கிறார். அதனால்தான் ஏப்ரல் ஸ்டேட்மென்டும் வேண்டும் என்றேன். அதைக் கழித்தால் 52,300. மீதி 3,500 எங்கிருந்து வந்தது?

ராசு: அதிகம்தானே அண்ணே!

சித்தூர் செல்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் தண்ணீர் மோட்டாருக்கு வசூலித்த காசு அப்படியே காணாமல் போனது. எல்லாப் பொருளாளர்களும் ஒன்றுதான்.

பழைய காசாளர்: செல்வி, இது மோட்டார் கதை இல்லை. மார்ச்சில் 2,000, 1,500 என்று இரண்டு வரவு யூபிஐ வழியாக நேராக வங்கிக்கு வந்திருக்கிறது. வங்கிக் கணக்கோடு இணைத்த நம்பர் பொருளாளருடையது. அந்த சிம்மை அவர் அங்கே அணைத்து வைத்திருக்கிறார். குறுஞ்செய்தி வரவில்லை, வரவு எழுதவில்லை, ரசீதும் போடவில்லை. பணம் வங்கிக்கு வந்ததால்தான் விடுபட்டது தெரிந்தது. கையில் வாங்கிய ரொக்கம் விட்டுப்போயிருந்தால் பாஸ்புக் அதைக் காட்டாது. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண் வரிசையில் பார்த்தால்தான் உண்டு.

எல்லைக்காரன்: அதைப் பார்க்கத்தான் பொருளாளரின் மச்சான் இருக்கிறாரே. நல்ல சோதனை!

ராசு: மச்சான் என்றால் கண் தெரியாதா? 12,500 அதிகம் என்று கண்டுபிடித்ததே அவர்தான்.

பழைய காசாளர்: அவர் பார்த்தது பொருளாளர் வாட்ஸப்பில் அனுப்பிய பிடிஎஃப். யாரும் திருத்தி அனுப்பலாம். வங்கிக் கிளையிலிருந்து நேராக வாங்கிய ஸ்டேட்மென்ட் வேண்டும். சோதிப்பவர் பணத்தைத் தொடாதவராகவும் உறவில்லாதவராகவும் இருக்க வேண்டும்.

எல்லைக்காரன்: நம் சங்கத்துக்கு 1860ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டம்தானே? அதில் மச்சான் கூடாது என்று எங்கே இருக்கிறது?

பழைய காசாளர்: அது மலபாருக்கு. பாலக்காடு மலபாரில் இருந்தது. நம் சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யம். இங்கே 1955ஆம் வருஷத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். இதுகூடத் தெரியாமல் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எல்லைக்காரன்: உங்களைப் பொருளாளராக்காத கோபம் இன்னும் போகவில்லை போல.

பழைய காசாளர்: என் கோபம் கிடக்கட்டும். மூன்றாம் ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

சித்தூர் செல்வி: பொங்கல் விருந்து அன்று ராசுவின் பையில் பார்த்தேன்.

ராசு: அது சமையல்காரர் பில் கட்டு. எத்தனை முறை சொல்வது, பணம் *அதிகம்* இருக்கிறது!