‘விசை மோதல்’ என்ற ஒரே சொல் போதுமா?

செல்வன்:
நண்பர்களே, தமிழ் விசைப்பலகை மாறாத எல்லாக் கோளாறுகளுக்கும் நம் தமிழாக்கத்தில் ‘விசை மோதல்’ என்றே எழுதியிருக்கிறோம். இது பயனரைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது.

லினக்ஸில் `fcitx5` என்ற உள்ளீட்டு முறை நிரலைக் கொண்டு தமிழ்99 தட்டுபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உரைத்திருத்தியில் `Ctrl+Space` அழுத்தினால் தமிழ் வருகிறது. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் அழுத்தினால் நெடுவரிசை முழுவதும் தேர்வாகிறது. கால்க்கில் அந்த விசைகளுக்கு உரிய வேலையே அதுதான். ஆக, விசை கால்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. `fcitx5` காதில் அது விழவே இல்லை. இதில் மோதல் எங்கே இருக்கிறது?

ஒரு நிரல் மற்றொன்றின் விசையை எடுத்துக்கொள்வதை ‘விசைக்கவர்வு’ என்றும், மேலே சொன்னதை ‘விசை எட்டாமை’ என்றும் பிரிக்கலாமா?

முரளி:
பிரிப்பது வீண்வேலை. குறுக்குவிசையை `Super+Space` என்று மாற்றினால் சரியாகிவிடும். எனக்கு அப்படித்தான் சரியானது.

செல்வன்:
உங்கள் கணினியில் கால்க்குக்கும் `fcitx5` நிரலுக்கும் இணைப்பு ஏற்கெனவே இருந்திருக்கும், முரளி. அப்போது `fcitx5` முந்திக்கொள்ளும்; கால்க்கில் நெடுவரிசை தேர்வாகாது. அதற்கு விசையை மாற்றுவதே மருந்து. இணைப்பே இல்லாதபோது எந்த விசையை வைத்தும் பயனில்லை. லிப்ரே ஆபிஸ் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, முனையத்தில் இப்படித் திறந்து பாருங்கள்:

```
SAL_USE_VCLPLUGIN=gtk3 GTK_IM_MODULE=fcitx soffice --calc
```

ஒரு சாளரம் திறந்திருந்தாலும் கட்டளை அதனிடமே போய்விடும், சோதனை பொய்த்துவிடும். இப்போது தமிழ் வந்தால், சூழல் மாறிகள் அமையாததே காரணம். வராவிட்டால், டெபியனில் `fcitx5-frontend-gtk3`, `libreoffice-gtk3` ஆகிய தொகுப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இராமநாதன்:
என் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகள் வருகின்றன. இதுவும் எட்டாமைதானே?

கயல்விழி:
இல்லை ஐயா. அங்கே விசைக்கு வேலையே இல்லை. நீங்கள் ஒட்டிய எழுத்தை அந்த மென்பொருளுக்கு ஏற்கத் தெரியவில்லை. அது குறியாக்கச் சிக்கல்.

செல்வன், ‘கவர்வு’ என்றால் பலருக்குக் கவர்ச்சிதான் நினைவுக்கு வரும். ‘இடைமறிப்பு’ பத்திரிகைகளில் பழகிய சொல். வழியில் நிறுத்தி எடுத்துக்கொள்வது என்ற பொருளும் அதில் தெளிவாக இருக்கிறது. ‘விசை இடைமறிப்பு’ என்போம். ‘எட்டாமை’யில் எனக்குக் குறை உண்டு: விசை யாருக்கு எட்டவில்லை? கால்க்குக்கு எட்டிவிட்டதே!

முரளி:
அப்படியானால் ‘இணைப்பின்மை’ என்று வையுங்கள்.

கயல்விழி:
இணையம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

செல்வன்:
‘விசை இடைமறிப்பு’ எனக்குச் சம்மதம், இன்றே திருத்துகிறேன். ‘எட்டாமை’யை விட்டுவிடுகிறேன், கயல்விழி சொல்வது சரி. நல்ல சொல் கிடைக்கும்வரை ‘நிரல் உள்ளீட்டு முறையுடன் இணையவில்லை’ என்று முழு வாக்கியமாகவே எழுதுகிறேன்.