சித்தப்பாவின் தையல் கடை எண்: வழி சொல்லுங்கள்

என் சித்தப்பா தையற்காரர். கடைப் பலகையிலும் ரசீதிலும் இருப்பது அவருடைய இரண்டாவது சிம் எண். தீபாவளிக்கு முந்தைய ஒன்பது நாட்கள் அதற்கு ஓர் அழைப்பும் வரவில்லை. முதல் சிம்மில் வீட்டாரோடு பேச முடிந்ததால் அவருக்குச் சந்தேகமே எழவில்லை.

ரவிக்கை வாங்க வந்த ஓர் அம்மா, "போனை ஏன் அணைத்தே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்ட பிறகுதான் நான் வாங்கிப் பார்த்தேன். திரையின் மேலே ஒரே ஒரு சிக்னல் குறி. அமைப்புகளில் இரண்டாவது சிம் அணைக்கப்பட்டிருந்தது. தவறுதலாகக் கை பட்டிருக்க வேண்டும். இயக்கிய சில நிமிடங்களில் அழைப்பு வந்தது. ஆனால் நான்கு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

இனி அந்த எண் கிடைக்காதபோது அழைப்புகள் முதல் சிம்முக்குத் திரும்பும்படி அமைக்க நினைக்கிறேன். சிம் அணைந்திருந்தாலும் அது வேலை செய்கிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.