குழுக் கூட்டக் கணக்கில் 500 ரூபாய் வேறுபாடு: எப்படி எழுதுவது?

திண்டுக்கல் மாவட்டத்தில் 12 பேர் கொண்ட எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை நான் எழுதி வருகிறேன். இம்மாதம் 5ஆம் தேதிக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்திலிருந்து பேரேட்டுக்குச் சுருக்கம் எடுத்தபோது இருப்பு ஒத்துவரவில்லை.

தொடக்கக் கையிருப்பு 1,350, சேமிப்பு 2,400, கடன் அசல் வரவு 6,000, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 540. புதிய உள்கடனாகக் கொடுத்தது 10,000. ஆகவே 290 ரூபாய் மீதமிருக்க வேண்டும், ஆனால் பெட்டியில் 790 இருக்கிறது. கடன் நிலுவையும் 54,000 என்பதிலிருந்து 58,000 ஆக வேண்டியிருக்க, தனிநபர் பேரேடுகளின் கூட்டுத்தொகை 57,500 என்றே வருகிறது.

பணத்தை இருமுறை எண்ணினேன். பின்னர் எல்லோருடைய பாஸ்புக்கையும் வாங்கி ஒப்பிட்டபோதுதான், 1,000 தவணை கட்ட வேண்டிய ஓர் உறுப்பினர் 1,500 கட்டியிருப்பதும், தீர்மானத்தில் தவணைத் தொகை மட்டுமே எழுதப்பட்டிருப்பதும் தெரிந்தது. அடுத்த மாதத் தவணையில் பாதியை முன்கூட்டியே கொடுத்ததாக அவர் சொல்கிறார். வட்டியில் வேறுபாடு ஐந்து ரூபாய்தான் என்றாலும், அது அவருடைய பணம்.

இந்த 500 ரூபாயை இம்மாத அசல் வரவாக எழுதி நிலுவையை 57,500 ஆகக் காட்டுவதா, அல்லது முன்பணமாகத் தனியே வைத்து 58,000 என்றே காட்டுவதா?