கடைக்குக் கடனில் கொடுத்த ஸ்கின்கேர் சரக்கு: பாக்கி கேட்டு எழுதிய கடிதங்கள்

ஈரோடு தயாரிப்பாளர்:
குற்றம் சொல்லி ஆரம்பித்தால் பதில் வராது, பில்லை முன்னால் வையுங்கள். நாங்கள் அனுப்பும் முதல் கடிதம் இப்படி இருக்கும்:

"மேடம், வணக்கம். ஜூன் 4 தேதியிட்ட 118ஆம் எண் பில்லில் குங்குமாதி தைலம் 40, கற்றாழை ஜெல் 60 அனுப்பியிருந்தோம். ஜிஎஸ்டி சேர்த்து ₹27,140. ஜூன் 28 அன்று ₹10,000 வந்தது, நன்றி. மீதி ₹17,140க்கு ஜூலை 4 கெடு. உங்கள் கணக்கிலும் இதே தொகைதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். சரியென்றால் எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று ஒரு வரி போதும். பில் நகலும் லெட்ஜரும் இணைத்திருக்கிறோம்."

"இதே தொகைதானா" என்ற கேள்விதான் இதில் முக்கியம். ஆமாம் என்று எழுதிவிட்டால் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. பம்ப் கசிந்தது, நாலு பாட்டில் குறைந்தது என்று ஏதாவது இருந்தாலும் இப்போதே வெளியே வந்துவிடும்.

சேலம் சோப்பு:
இவ்வளவு பணிவு எதற்கு? உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தால் 45 நாளுக்கு மேல் வட்டி உண்டு. முதல் கடிதத்திலேயே எழுதிவிடலாமே.

கணக்கு எழுதுபவர்:
பாதி சரி. எழுத்தில் கெடு பேசியிருந்தால்தான் அதிகபட்சம் 45 நாள், பேசாவிட்டால் 15. சொந்தமாகத் தயாரிக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. வாங்கி விற்பவர் உத்யம் வைத்திருந்தாலும் கிடைக்காது. பில்லிலேயே உத்யம் எண் இருக்கட்டும்.

வட்டியை விட வரி பேச்சுக்குத்தான் கடைக்காரர்கள் அசைவார்கள். கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31க்குள் தீராவிட்டால், அந்தக் கொள்முதலை அந்த வருடச் செலவாக அவர்கள் காட்ட முடியாது. ஆனால் உத்தேச வருமானக் கணக்கில் வரி கட்டும் சின்னக் கடைகளுக்கு இது உறைக்காது. எப்படியும் இரண்டாம் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை ஹெர்பல்:
எங்கள் சரக்கு "விற்றால் காசு" என்று ஒரு கடையில் இருக்கிறது. ஆறு மாதமாகப் பைசா வரவில்லை. இதே கடிதத்தை அனுப்பலாமா?

ஈரோடு தயாரிப்பாளர்:
வேண்டாம். விற்காத பாட்டிலுக்கு அவர்கள் கடன்காரர் இல்லை. பொருள்வாரியாக எத்தனை விற்றது, எத்தனை மீதி, மீதியின் காலாவதித் தேதி என்ன என்று மூன்று கட்டம் போட்ட தாள் அனுப்பி நிரப்பித் தரச் சொல்லுங்கள். விற்றதற்கு மட்டும் அதன் பிறகு பாக்கி கேளுங்கள்.

சேலம் சோப்பு:
கடனில் கொடுத்ததிலும் விற்காததைத் திருப்பி எடுக்கிறேன் என்று எழுதினால் சீக்கிரம் தீருமே?

கணக்கு எழுதுபவர்:
சீல் உடையாத தைலம் என்றால் கிரெடிட் நோட் போட்டு எடுக்கலாம்.

ஈரோடு தயாரிப்பாளர்:
எனக்கு உடன்பாடில்லை. ஷோகேஸ் விளக்குச் சூட்டில் நின்ற வைட்டமின் சி சீரம் பழுப்பாகித்தான் திரும்பி வரும். அதை யாருக்கு விற்பது?