பொருள்: வித்ரினில் சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும் படம் – தமிழில் என்ன சொல்வது?

தேவகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஒரு கையேட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் புடவைக்கடையிலும் நகைக்கடையிலும் வேலை பார்க்கிறவர்கள். தீபாவளிக்குக் கடை வித்ரினில், அதாவது தெருவைப் பார்த்த கண்ணாடி முகப்பில், ஒரு திரை வைப்பார்கள் இல்லையா, அதில் ஓடுவதற்குக் கைபேசியில் எடுத்த நாலைந்து துண்டுகளை ஒட்டி ஒரு படம் செய்யக் கற்றுக்கொடுக்கிறோம். பேசும்போது கிரியோலில் சமாளித்துவிடலாம், கையேடு தமிழில் இருக்க வேண்டும்.

எனக்கு வேண்டியவை மூன்று: முடிந்ததும் மறுபடி ஆரம்பிக்கும் படம், அது முடிந்து ஆரம்பிக்கிற அந்த இடம், சத்தம் இல்லாத படம். 'லூப்' என்று தமிழில் எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அப்புறம் சின்னையா ஐயா என்னைச் சும்மா விடமாட்டார்.

சின்னையா, போர்ட் லூயிஸ்:

விடமாட்டேன்தான் அம்மா. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஏன் அலைகிறீர்கள்? அந்தாதி என்ற சொல் நமக்கு எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது! அந்தமே ஆதி. அபிராமி அந்தாதியில் நூறாம் பாட்டு 'உதிக்கின்றவே' என்று முடிந்து, முதல் பாட்டின் 'உதிக்கின்ற' என்ற சொல்லிலேயே போய் இறங்குகிறது. பாடிக்கொண்டே இருந்தால் நிறுத்த இடமே இல்லை. 'அந்தாதிப் படம்' என்று வையுங்கள், வேலை முடிந்தது.

முருகேசன், டர்பன்:

ஐயா சொல்வது அழகு. தொழில்நுட்பத்துக்கும் பொருந்துகிறது. கடைசிச் சட்டமும் முதல் சட்டமும், அதாவது கடைசி ஃபிரேமும் முதல் ஃபிரேமும், ஒன்றாக இருந்தால்தான் பார்க்கிறவருக்கு முடிந்தது தெரியாது. என் மருமகன் இதற்கு ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறான். துண்டை ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை பின்னோக்கியும் ஓடவிடுவான். ஆரம்பித்த இடத்துக்கே தானாக வந்துவிடும்.

ஆனால் கடைப்பையனுக்கு அந்தாதி புரியுமா? பாடநூல்களில் 'மடக்கு' என்று இருக்கிறது, 'சுழல்' என்றும் சொல்கிறார்கள். எனக்குச் சுழல்தான் பிடிக்கும். சுழல், சுழி, சுற்று, சுருள், சூழ் எல்லாம் ஒரே வேர். சுருட்டும் அதே குடும்பம்தான், அது ஆங்கிலத்தில் 'செரூட்' ஆகிக் கப்பல் ஏறிவிட்டது.

ரவீன், குவாட்ர் போர்ன்:

நான் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். இலக்கணம் உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் ஐயா, அந்தாதி என்று எழுதினால் பிள்ளைகள் அப்படியே செய்து தொலைப்பார்கள். அந்தாதியில் கடைசிச் சொல் மறுபடி முதல் சொல்லாக வருகிறது. படத்தில் அப்படி வந்தால் அதுதான் பழுது. கடைசிச் சட்டமும் முதல் சட்டமும் ஒன்றேயானால் அந்தச் சட்டம் இரண்டு தடவை காட்டப்படும். நொடிக்கு 25 சட்டம் ஓடுகிற படத்தில் ஒரு சட்டம் நொடியில் 25-இல் ஒரு பங்குதான். அசையாத நகைப்பெட்டி என்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆடுகிற முந்தானை ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று போகும். வித்ரின் முன்னால் பஸ்ஸுக்கு நிற்கிறவர் இரண்டு சுற்றுக்குள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

போன வருஷம் ஒரு புடவைக்கடைக்குச் செய்ததைச் சொல்கிறேன். நான்கு துண்டு. முந்தானை காற்றில் ஆடுவது 8 நொடி, ஜரிகைக் கரை 6 நொடி, வளையல் 5, குத்துவிளக்கு 5, மொத்தம் 24 நொடி. வரிசையாக ஒட்டினால் விளக்கு முடிந்து முந்தானை ஆரம்பிக்கிற இடத்தில் சுற்று முடிவது பளிச்சென்று தெரியும். அதனால் முந்தானையை நடுவில் வெட்டினேன். அதன் 200 சட்டத்தில் பின்பாதியைப் படத்தின் தொடக்கத்தில் வைத்தேன். அப்புறம் கரை, வளையல், விளக்கு. கடைசியில் முந்தானையின் முன்பாதி. ஆக, படம் 101-ஆம் சட்டத்தில் ஆரம்பித்து 100-ஆம் சட்டத்தில் முடிகிறது. திரும்ப ஓடும்போது 100-க்குப் பிறகு 101 வருகிறது. கேமராவில் எடுத்ததே அப்படித்தான், ஒட்டியதே அங்கே இல்லை. மற்ற மூன்று துண்டுக்கு நடுவே சாதாரண வெட்டுதான், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

முருகேசன் அண்ணா, பின்னோக்கி ஓட்டுவது முந்தானைக்குச் சரி, ஏனென்றால் அது அப்படியும் இப்படியும் ஆடுவதுதானே. விளக்கில் எண்ணெய் ஊற்றுகிற துண்டில் செய்து பாருங்கள், எண்ணெய் மேலே ஏறிச் செம்புக்குள் போகும்.

குமாரி, வாக்வா:

நானும் கேட்கிறேன். எங்கள் கடையில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மெதுவாக மேலும் கீழும் ஓடுகின்றன. ஒட்டியது சரியில்லையா? இதற்கு ஏதாவது பேர் உண்டா?

ரவீன்:

அக்கா, அது ஒட்டினதால் வந்ததல்ல, எடுத்ததால் வந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கடை விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. கைபேசி வழக்கமாக நொடிக்கு 30 சட்டம் எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால் பட்டை நகர்கிறது. 25 சட்டத்துக்கு மாற்றி, ஷட்டரை 1/50 நொடியில் வைத்து மறுபடி எடுங்கள். ஷட்டரை மாற்றவே விடாத கைபேசி என்றால் பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். எடுத்துவிட்ட படத்தில் அந்தப் பட்டையை நீக்குவது பெரும்பாடு.

முருகேசன்:

அந்தப் பட்டைக்கு 'ஒளிவரி' என்று வைக்கலாமா?

தேவகி:

தயவுசெய்து வேண்டாம், இப்போது இருக்கிற மூன்றே முடியவில்லை. ரவீன் சொன்னது எனக்குப் புரிந்தது. ஒட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாத சுழல், அதுதானே வேண்டும்? 'தையலற்ற சுழல்' என்று ஒருவர் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறார்.

சின்னையா:

தையலற்றதா? அது ஆங்கிலத்துக்குச் சட்டை மாட்டிவிட்டது. தமிழில் தையல் என்றால் பெண்ணும்தான். தையலற்ற சுழல் என்று புடவைக்கடையில் எழுதினால் பெண்ணில்லாத சுழல் என்று படிக்க மாட்டார்களா? தச்சன் இழைத்த பலகையைப் பார்த்து 'ஒட்டுத் தெரியவில்லை' என்று என் தகப்பனார் சொல்வார். 'ஒட்டுத்தெரியாச் சுழல்' என்று வையுங்கள். அந்தாதியை நான் விட்டுவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மூன்றாவதற்கு 'ஊமைப்படம்' என்ற பழைய சொல் இருக்கிறதே?

குமாரி:

ஊமை வேண்டாம் ஐயா. என் தங்கை மகனுக்குப் பேச்சு வராது. அந்தச் சொல்லைக் கடை வாசலில் எழுத எனக்கு மனசு வராது.

சின்னையா:

சரியம்மா. எடுத்துவிட்டேன்.

முருகேசன்:

'ஒலியடக்கிய படம்'. சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்துவிட்டால் போதுமே.

ரவீன்:

போதாது அண்ணா, இங்கேதான் சொல் முக்கியம். சத்தத்தைக் குறைத்தாலும் ஒலித்தடம் கோப்புக்குள் அப்படியே இருக்கும். அது படத்தின் நீளத்துக்குச் சரியாக முடியாது. ஒலியைக் கோப்பில் போடும்போது சிறு சிறு கட்டுகளாகக் கட்டிப் போடுகிறார்கள், ஒரு கட்டு நொடியில் 50-இல் ஒரு பங்கு போல இருக்கும். கடைசிக் கட்டு படம் முடிந்த பிறகும் கொஞ்சம் நீண்டு நிற்கலாம். ஒரு தடவை ஓடினால் தெரியாது. 150 பிரதியை அடுத்தடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு ஒட்டிலும் படம் அந்தத் துளி நேரம் காத்திருக்கும். முந்தானையை வெட்டி வைத்த வேலையெல்லாம் வீண். ஒலியை அடக்கக் கூடாது, தடத்தையே எடுத்துவிட வேண்டும்.

தேவகி:

150 பிரதி எதற்கு? டிவியிலேயே 'ரிப்பீட்' இருக்கிறதே?

ரவீன்:

இருக்கிறது. யூஎஸ்பி குச்சியைச் செருகி 'ரிப்பீட்' போட்டால் பல டிவிகள் ஒவ்வொரு தடவையும் கோப்பை மூடித் திறக்கும். நடுவில் கறுப்புத் திரை, சிலதில் மேலே கோப்பின் பெயர் வேறு வரும். கோப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது வரும். 24 நொடிக்கு ஒரு தடவை வித்ரின் கண் சிமிட்டினால் யார் பார்ப்பார்கள்? அதனால் கணினியில் ffmpeg என்ற நிரலுக்குக் கீழே உள்ள கட்டளையைக் கொடுத்து, 24 நொடிப் படத்தை 150 தடவை அடுக்கி ஒரு மணி நேரக் கோப்பாக்கிவிடுகிறேன். கறுப்பு மணிக்கு ஒரு தடவைதான் வரும்.

```
ffmpeg -stream_loop 149 -i loop.mp4 -c copy -an window.mp4
```

149 என்பது முதல் ஓட்டத்துக்கு மேல் எத்தனை தடவை என்பது. `-an` தான் ஒலித்தடத்தை எடுத்துவிடுவது. `-c copy` இருப்பதால் படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே அடுக்கும், தரம் குறையாது. நொடிக்கு 8 மெகாபிட் அளவில் இருந்தால் ஒரு மணி நேரம் 3,600 மெகாபைட் வரும். அதற்கு மேல் நீட்டாதீர்கள். பழைய டிவிகள் கேட்கிற FAT32 குச்சியில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது.

ஒட்டு சரியா என்று பார்க்க, எடிட்டிங் செயலியில் அதே படத்தை இரண்டு தடவை அடுத்தடுத்து வைத்து ஓடவிடுங்கள். கணினி பிளேயரில் 'ரிப்பீட்' போட்டுப் பார்த்தால் பிளேயரின் தடுக்கலையும் படத்தின் மேல் போட்டுவிடுவீர்கள்.

தேவகி:

சரி, அச்சகத்தில் கேட்கிறார்கள். இதுவரை வந்ததை வைத்து எழுதிவிட்டேன். படம்: 'சுழற்படம்'. முடிந்து ஆரம்பிக்கும் இடம்: 'சுழல் ஒட்டு'. நன்றாக அமைந்தால் 'ஒட்டுத்தெரியாச் சுழல்'. மூன்றாவது 'ஒலித்தடமில்லாப் படம்', நீளம்தான், ஆனால் ரவீன் சொன்னதற்குப் பிறகு 'ஒலியடக்கிய' என்று எழுத முடியவில்லை. வித்ரின் வித்ரினாகவே இருக்கிறது. 'காட்சிச் சாளரம்' என்று போட்டிருந்தால் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

முருகேசன்:

சுழற்படம் என் சொல் மாதிரிதான் இருக்கிறது, ஆட்சேபம் இல்லை. 'சுழல்படம்' என்று பிரித்து எழுதினால் படிக்க எளிது. புணர்ச்சிக்காகச் சண்டை போட மாட்டேன்.

சின்னையா:

நான் போடுவேன். லகரம் றகரமாகத்தான் வேண்டும், சுழற்படம் சரி. ஆனால் ஒன்று. அந்தாதியில் சொல் இரட்டிக்கிறது என்று ரவீன் ஒதுக்கினார், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 'மண்டலித்தல்' இருக்கிறது. கடைசிப் பாட்டு முதல் பாட்டோடு வந்து கூடுவதற்குப் பெயரே அதுதான். கூடுவதைத்தான் சொல்கிறது, எந்தச் சொல்லும் இரட்டிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. 'மண்டலப் படம்'. அடுத்த பதிப்பில் சேர்க்கலாம்.

ரவீன்:

ஐயா, மண்டலம் என்றால் எங்கள் பக்கத்தில் விரதம் இருக்கிற நாட்கணக்கு.

சின்னையா:

அதுவும் சுற்றி வருவதுதானே.

குமாரி:

பகலில் எடுத்தேன், பட்டை போய்விட்டது, நன்றி தம்பி. இப்போது வேறு கதை. படம் நன்றாக ஓடுகிறது, ஆனால் மத்தியானத்துக்கு மேல் டிவியே தானாக அணைந்துவிடுகிறது.

ரவீன்:

ரிமோட்டை யாரும் தொடாவிட்டால் நாலு மணி நேரத்தில் அணைகிற மாதிரி பல டிவிகளில் வைத்திருப்பார்கள் அக்கா. மெனுவில் மின்சாரச் சேமிப்பு அல்லது டைமர் பக்கத்தில் தேடி நிறுத்திவிடுங்கள். தேவகி டீச்சர், இதையும் கையேட்டில் ஒரு வரி சேர்க்க முடியுமா?

தேவகி:

அச்சுக்குப் போய்விட்டது. கரும்பலகையில் எழுதுகிறேன்.